முதல் மாரத்தானுக்கு முந்தின இரண்டு நாள்: சோற்றை எவ்வளவு கூட்டுவது?

மாரத்தானுக்கு முந்தின ராத்திரி மூக்குமுட்டச் சாப்பிடுவதற்கு கார்ப் லோடிங் என்று பேர் இல்லை. ஆனால் முதல்முறை 42 கிலோமீட்டர் ஓடப் போகிறவர்களில் நிறையப் பேர் செய்வது அதுதான். சனிக்கிழமை இரவு இரண்டு பிளேட் பிரியாணி, ஞாயிறு விடிகாலை உப்பிய வயிறு, பத்தாவது கிலோமீட்டரில் கழிப்பறையைத் தேடும் ஓட்டம். மாவுச்சத்தை உடம்பில் ஏற்றுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. அது என்ன, முதல்முறை ஓடுபவருக்கு அதில் எவ்வளவு தேவை, புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துச் சாப்பாட்டை வைத்தே அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முழு அளவு கார்ப் லோடிங் முதல்முறை ஓடுபவருக்குத் தேவையில்லை. இரண்டு நாள் தட்டில் ஒரு சின்ன மாற்றம், ஓட்டத்தன்று காலை ஒரு சிற்றுண்டி, ஓடும்போது நேரம் தவறாமல் கொஞ்சம் சர்க்கரை, இந்த மூன்றும் போதும். அரை மாரத்தான் ஓடுபவருக்கு இரண்டு நாள் மாற்றம்கூட வேண்டாம். முதல்நாள் வழக்கமான சாப்பாடும் காலைச் சிற்றுண்டியும் போதும். பத்து கிலோமீட்டருக்கு இந்தப் பேச்சே இல்லை.

எதை ஏற்றுகிறோம்

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் செரித்துக் கடைசியில் குளுக்கோஸாகிறது. உடனே செலவாகாத குளுக்கோஸைக் கோத்து கிளைகோஜன் என்ற வடிவில் உடம்பு பத்திரப்படுத்துகிறது. தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். கொழுப்போடு ஒப்பிட்டால் இது சிறிய கையிருப்பு. ஆனால் ஓடும் வேகம் கூடக்கூட உடம்பு முதலில் கை வைப்பது இதில்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன் குளுக்கோஸாக ரத்தத்தில் இறங்கி மூளை முதல் கால்வரை எல்லோருக்கும் போகும். தசையில் இருப்பதோ அந்தத் தசைக்கு மட்டும்தான் சொந்தம். அதை ரத்தத்துக்குத் திருப்பிவிடும் நொதி தசையில் கிடையாது. கையிலும் தோளிலும் மிச்சமிருப்பதைத் தொடைக்குக் கடன் வாங்க முடியாது. அதனால் 400 கிராம் என்று மொத்தமாகச் சொன்னாலும் ஓட்டத்துக்கு உதவுவது கால்களில் இருக்கும் பங்குதான்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி. நிதானமாக ஓடினால் இதில் பாதியளவு கொழுப்பிலிருந்து வந்துவிடும். மீதிப் பாதி, அதாவது 1,250 கலோரி, மாவுச்சத்திலிருந்து வர வேண்டும். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று வகுத்தால் 310 கிராம் சொச்சம். வழக்கமான கையிருப்பே இதற்குக் கிட்டத்தட்டப் போதும், ஆனால் இழுத்துப் பிடித்த கணக்கு. அதே ஆள் உற்சாகத்தில் முதல் பதினைந்து கிலோமீட்டரை வேகமாக ஓடினால் அந்தத் தூரத்தில் மாவுச்சத்தின் பங்கு பாதியிலிருந்து முக்கால்வரை ஏறும். மொத்தத் தேவை 370 கிராமை எட்டும். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் ஈயமாகக் கனப்பதும் கண் இருட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவரில் மோதுவது’ என்பார்கள். எவ்வளவு சோறு ஏற்றினாலும் தப்பான வேகத்துக்கு அது ஈடு கட்டாது. முதல்முறை ஓடுபவர் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டினி போட்டு ஏற்றுவது எங்கிருந்து வந்தது

மாரத்தானுக்கு ஒரு வாரம் முன்பு மூன்று நாள் சோறே தொடாமல் முட்டையும் கறியும் மட்டும் சாப்பிட்டுக் கடுமையாக ஓட வேண்டும், அப்புறம் மூன்று நாள் சோறாகச் சாப்பிட வேண்டும் என்று சிலர் இன்னும் சொல்வார்கள். இதன் வேர் 1960களில் ஸ்வீடனில் இருக்கிறது. பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இருபுறமும் ஆளுக்கு ஒரு காலால் மிதித்து அந்தக் காலை மட்டும் களைக்க வைத்தார்கள். பிறகு மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு ஊசியால் தொடைத்தசையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைகோஜன் பழைய அளவைவிட மிக அதிகமாக ஏறியிருந்தது, சும்மா இருந்த காலில் அப்படி ஏறவில்லை. 1966இல் வெளிவந்த இந்த முடிவிலிருந்துதான் ‘முதலில் காலிசெய், பிறகு நிரப்பு’ என்ற ஒரு வார முறை பிறந்தது.

1981இல் அமெரிக்காவில் ஷெர்மன் குழுவினர் செய்த சோதனையில் அந்தப் பட்டினிப் பகுதி தேவையில்லை என்று தெரிந்தது. ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினாலே கிளைகோஜன் ஏறக்குறைய அதே அளவு ஏறிவிடுகிறது. 2002இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு, நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வோடு ஒரே நாள் போதும் என்று காட்டியது. இன்று விளையாட்டு உணவியலார் போட்டி வீரர்களுக்குச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் வீதம் ஒன்றரை முதல் இரண்டு நாள். பட்டினிப் பகுதியை நீங்கள் மறந்துவிடலாம். மாரத்தான் வாரத்தில் மூன்று நாள் சோறில்லாமல் இருந்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கால் ஓயும். அதற்கு ஈடாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

12 கிராமா, 8 கிராமா

60 கிலோ ஆளுக்கு 10 கிராம் என்றால் நாளுக்கு 600 கிராம் மாவுச்சத்து. முழுக்கச் சோற்றிலிருந்து எடுப்பதானால் முக்கால் கிலோவுக்கும் மேல் அரிசி. மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவர் இரண்டு மூன்று தடவை பழகியபின் அதைச் சமாளிக்கலாம். ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் அவ்வளவு தீவிரமாக ஓடுவதில்லை. கொழுப்பும் பாதிச் சுமையைத் தூக்குகிறது. அவர் 10 கிராமுக்காக வயிற்றை வருத்திக்கொள்வதில் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். கிலோவுக்கு 7 முதல் 8 கிராம், இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் குழம்பும் இடமும் இதுதான். பாஸ்தாவும் உருளைக்கிழங்கும் ஏற்றச் சொல்லும் அவர்களுடைய சாதாரண நாள் உணவில் இறைச்சி, சீஸ், வெண்ணெய் அதிகம். நம் வீட்டில் கலோரியில் அறுபது சதவீதத்துக்குக் கிட்ட மாவுச்சத்துதான். நாளுக்கு 2,100 கலோரி சாப்பிடும் 60 கிலோ ஆளுக்கு அது 315 கிராம், கிலோவுக்கு 5 கிராமுக்கும் மேல். நாம் பாதி வழியில் நின்றுகொண்டுதான் தொடங்குகிறோம். 8 கிராமை எட்ட இன்னும் 165 கிராம் சேர்த்தால் போதும், அந்த இடத்துக்காக எண்ணெயையும் பருப்பையும் காய்கறியையும் கொஞ்சம் விலக்கினால் போதும். மொத்தச் சாப்பாடு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுமே தவிர இரட்டிப்பாகாது.

குறைவாகச் சாப்பிட்டே பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், குறிப்பாகப் பெண்கள். மொத்த அளவைக் கூட்டாமல் பொரியலை எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் வைத்தால் சதவீதம் ஏறும், கிராம் ஏறாது. தசை பார்ப்பது கிராமைத்தான்.

முதல் படி: அளவைத் தெரிந்துகொள்வது

சமையலறைத் தராசு ஒன்று கடன் வாங்கியாவது ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். வெந்த சோற்றின் எடை தண்ணீரைப் பொறுத்து மாறும், அதனால் அரிசியாகவே நிறுப்பது நல்லது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி 170 கிராம் அளவுக்கு நிற்கும். அதில் 130 கிராம் மாவுச்சத்து.

மற்றவை உத்தேசமாக: 50 கிராம் எடையுள்ள ஓர் இட்லியில் 12 கிராம். ஒரு பூவன் பழத்தில் 15. சர்க்கரை ஒரு டீஸ்பூன் 5, மேசைக்கரண்டி என்றால் 12. ஜாம் ஒரு மேசைக்கரண்டி 13. வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 18. ஒரு இளநீரில் பத்துக்கு மேல் தேறாது. ‘இளநீர் குடித்தே ஏற்றிவிடலாம்’ என்பது நடக்காது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, பாகெட் எனப்படும் நீள ரொட்டி. அதில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அவ்வளவுதான். கொழுப்பு இல்லை, நார் குறைவு, 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதே கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கும் குரோசான் அப்படியல்ல. அதில் பாதி வேலை வெண்ணெயுடையது.

இரண்டாம் படி: ஒத்திகை

ஓட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு 28 அல்லது 30 கிலோமீட்டர் நீள ஓட்டம் ஒன்று வரும். அதற்கு முந்தின ஒரு நாள் கீழே உள்ள உணவை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். காலைச் சிற்றுண்டியையும் அதே நேரத்தில், அதாவது விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தே சாப்பிடுங்கள். நம் பக்கத்தில் ஓட்டங்கள் விடியுமுன்னே தொடங்கிவிடும். பிப்ரவரியில் ஆரோவில்லின் செம்மண் காட்டுப்பாதைகளில் நடக்கும் மாரத்தானும் அப்படித்தான். மூன்று மணிக்கு வயிறு சாப்பாட்டை ஏற்குமா என்பது ஒத்திகையில்தான் தெரியும். ஏற்காதவர்கள் உண்டு. அவர்கள் இட்லியை விட்டுவிட்டு ரொட்டி, ஜாம், சர்க்கரை போட்ட காப்பி என்று மாறிக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் ஓட்ட நாள் இல்லை.

மூன்றாம் படி: ஓய்வு

இது சாப்பாட்டின் பாதி என்றே சொல்லலாம். வெள்ளி, சனி இரண்டு நாளும் கால்கள் கிளைகோஜனைச் செலவழிக்காமல் இருந்தால்தான் சேரும். இருபது நிமிட மெல்லோட்டம் பரவாயில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் சனிக்கிழமை முழுக்க ஒயிட் டவுனில் நடந்து, மாலையில் கடற்கரைச் சாலையில் இரண்டு சுற்று போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். ஊர் சுற்றுவதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வெள்ளிக்கிழமைத் தட்டு

ஞாயிறு விடிகாலை 5 மணிக்கு ஓட்டம், 60 கிலோ எடை, இலக்கு 480 கிராம் என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கட்டிப் பார்ப்போம்.

எழுந்ததும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காப்பி, 15 கிராம். எட்டு மணிக்கு ஐந்து இட்லி, தொட்டுக்கொள்ள மூன்று டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, பேருக்குக் கொஞ்சம் சட்னி. எல்லாம் சேர்த்து 75. இட்லிக்குப் பதில் தோசை வேண்டாம் என்பதற்குக் காரணம் எண்ணெய், வெண்பொங்கல் வேண்டாம் என்பதற்குக் காரணம் நெய்யும் பருப்பும். பதினொரு மணிக்கு இரண்டு பூவன் பழம், ஒரு டம்ளர் நன்னாரி சர்பத், 55. மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, ரசம், மோர், காரமில்லாத உருளைக்கிழங்கு மசியல், 135. நாலரை மணிக்கு 100 கிராம் பாகெட், இரண்டு மேசைக்கரண்டி ஜாம், சர்க்கரை போட்ட டீ, 90. இரவு எட்டு மணிக்குள் 100 கிராம் மாவில் பிழிந்த இடியாப்பம், மேலே இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் பால்; 103. தேங்காய்ப்பாலை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

கூட்டினால் 473. இலக்குக்கு ஏழு கிராம் குறைவதற்காக இன்னொரு பழத்தைத் திணிக்க வேண்டாம். இந்த உணவில் புரதம், கொழுப்பெல்லாம் சேர்த்து மொத்தம் 2,300 கலோரியை ஒட்டித்தான் வரும். எடை 70 என்றால் 560 கிராம் தேவை. மதியமும் இரவும் 30 கிராம் அரிசியைக் கூட்டி, பதினொரு மணிக்கும் நாலரைக்கும் தலா ஒரு சர்பத் சேர்த்தால் சரியாகிவிடும். இனிப்புப் பானத்துக்கு இதில் ஒரு வேலை உண்டு. அது வயிற்றை அடைக்காமல் கிராமைக் கூட்டும். மற்ற நாளில் தவிர்க்க வேண்டிய பழக்கம் இந்த இரண்டு நாள் மட்டும் உதவிக்கு வருகிறது. ஆனால் பழச்சாறை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். பழச்சர்க்கரை அதிகமானால் பலருக்கு வாயு கட்டும்.

ஐந்தாம் படி: சனிக்கிழமை

அளவு அதேதான், நேரம்தான் மாறுகிறது. பெரிய சாப்பாடு மதியம் ஒரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். இரவு ஆறரை ஏழுக்குள் ரசம் சோறோ தயிர்சாதமோ, 80 கிராம் அரிசி அளவில், இலகுவாக. எட்டரைக்குப் படுத்தால்தான் இரண்டரைக்கு எழ முடியும்.

சனிக்கிழமை தட்டிலிருந்து நாரை எடுத்துவிடுங்கள். கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சுண்டல், பயறு, கம்பு, கேழ்வரகு, பச்சைக் காய் எல்லாமே நல்ல உணவுகள்தான், ஆனால் குடலில் நின்று எடையும் வாயுவும் சேர்க்கும். கைக்குத்தல் அரிசிக்காரர்கள் அன்று ஒரு நாள் தீட்டிய வெள்ளை அரிசிக்கு மாறிக்கொள்ளலாம். சாம்பாரைவிடத் தெளிவான ரசம் மேல். பால், தயிர் வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் சாப்பிடலாம். மற்றவர்கள் அன்று தொடங்க வேண்டாம்.

கடலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஓடப் போகிறவர்களுக்குத்தான் சங்கடம். விருந்தாளி என்று மீன் குழம்பும் இறால் தொக்கும் வைப்பார்கள், பண்ருட்டி முந்திரியை எண்ணெயில் வறுத்துத் தட்டில் கொட்டுவார்கள். முந்திரியில் கிட்டத்தட்டப் பாதி எடை கொழுப்பு. கிளைகோஜனுக்கு அதனால் பயனில்லை, செரிக்கவும் நேரம் பிடிக்கும். புளியும் காரமும் சேர்ந்த குழம்பு மறுநாள் விடிகாலையில் நெஞ்செரிச்சலாகத் திரும்பி வரும். ‘ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடுறேன் அத்தை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். சில இடங்களில் ஓட்டத்துக்கு முந்தின மாலை பாஸ்தா விருந்து வைப்பதுண்டு. வெறும் பாஸ்தாவும் தக்காளிச் சாறும் என்றால் சரி. சீஸும் கிரீமும் கொட்டியது என்றால் அதுவும் பரோட்டா, சால்னா வகைதான்.

தண்ணீரை வழக்கமாகத் தாகத்துக்குக் குடிப்பதுபோல் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பு இருக்கட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து.

ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்

வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்துக் குறித்து வையுங்கள், ஞாயிறு காலை மறுபடி பாருங்கள். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளும். அதனால் முக்கால் கிலோ முதல் ஒன்றரை கிலோவரை கூடியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. கால் சற்றுத் திம்மென்றும் உடம்பு கொஞ்சம் கனமாகவும் இருக்கும். இதைக் கண்டு பயந்து சனிக்கிழமை சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. இது கொழுப்பு இல்லை, ஓடும்போது இறங்கிவிடும்.

எடை ஏறவில்லை, வயிறு மட்டும் கனக்கிறது, ஏப்பம் வருகிறது என்றால் சாப்பிட்டதில் எண்ணெயோ நாரோ அதிகம். எடையும் ஏறவில்லை, வயிறும் லேசாக இருக்கிறது என்றால் அளவு குறைவு, அல்லது அந்த இரண்டு நாளில் நிறைய நடந்திருக்கிறீர்கள். ஒத்திகையில் இதைப் பார்த்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

ஆறாம் படி: விடிகாலைச் சிற்றுண்டி

இரவு தூங்கும்போது கால்தசையின் கிளைகோஜன் குறைவதில்லை. கல்லீரலின் கையிருப்பு குறைகிறது, ஏனென்றால் மூளை இரவெல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காலைச் சிற்றுண்டி அதை ஈடுகட்டத்தான். இரண்டு நாள் ஏற்றிவிட்டோமே என்று இதைத் தவிர்ப்பவர்களுக்குத் தசையில் இருப்பு இருந்தும் தலை சுற்றும்.

ஓட்டம் ஐந்து மணிக்கு என்றால் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே 60 முதல் 90 கிராம். மூன்று துண்டு ரொட்டி, ஒன்றரை மேசைக்கரண்டி ஜாம், ஒரு பூவன் பழம், சர்க்கரை போட்ட காப்பி என்றால் 85 கிராம் வந்துவிடும். நான்கு இட்லி, சர்க்கரை, ஒரு பழமும் அதே அளவு. சாப்பிட்டு முடித்தபின் நாலு, நாலரைக்கு மறுபடி இனிப்பு எதுவும் வேண்டாம். ஓட்டத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு சர்க்கரை எடுத்தால் சிலருக்கு இன்சுலின் ஏறி, ஓடத் தொடங்கியதும் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், சோர்வு தட்டும். கடைசி ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு வாய் குளுக்கோஸ் எடுப்பவர்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

ஓடும்போது

ஏற்றுவதற்கு மெனக்கெட்டுவிட்டு ஓடும்போது வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பதுதான் முதல்முறை ஓடுபவர்களின் பெரிய தவறு. நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் தொடங்கி மணிக்கு 30 முதல் 45 கிராம் எடுத்தால் ஐந்து மணி நேரத்தில் 125 கிராமுக்குக் குறையாமல் உள்ளே போகும். இரண்டு நாள் கஷ்டப்பட்டுக் கூடுதலாக ஏற்றியதற்கு இது இளைத்ததல்ல. ஓட்டக்காரர்கள் எடுக்கும் சர்க்கரைப் பாகு போன்ற ஜெல் ஒரு பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம் இருக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்பது எளிய கணக்கு. ஜெல் பிடிக்காதவர்கள் கல்கண்டையோ கொட்டை நீக்கிய பேரீச்சையையோ சின்ன ஜிப் கவரில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய் வேண்டாம், அதில் இருக்கும் கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்.

எதை எடுத்தாலும் கூடவே தண்ணீர் இரண்டு மூன்று வாய். கெட்டியான சர்க்கரை மட்டும் இரைப்பையில் நின்றால் குமட்டும். நம் கடலோரத்துப் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெக்கையில் ரத்தம் தோலுக்குப் போகிறது, குடலுக்குப் போவது குறைகிறது. தசையோ கிளைகோஜனை இன்னும் வேகமாகக் கரைக்கிறது. குமட்டினால் வேகத்தைக் குறைத்து, சில நிமிடம் நடந்து, தண்ணீர் மட்டும் குடியுங்கள். அடங்கியபின் பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். பசி வந்தபின் எடுக்கலாம் என்று காத்திருந்தால் அது முப்பதாவது கிலோமீட்டராக இருக்கும்.

யார் இதைச் செய்யக் கூடாது

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மேலே உள்ள கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நாள் சோறும் சர்க்கரையும் கூட்டினால் ரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறும், ஓட்டத்தன்று பழைய அளவு மருந்தோடு ஓடினால் ஆபத்தாக இறங்கவும் கூடும். மருந்து, உணவு, ஓட்டம் மூன்றையும் மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரை நோய் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. மற்றபடி இந்த இரண்டு நாள் தட்டு இரண்டு நாளுக்கு மட்டும்தான்; பயிற்சிக்காலம் முழுக்க இப்படிச் சாப்பிட்டுவிட்டு எடை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் வயிறு கெட்டுவிட்டால் ஏற்றுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாப்பிட்டதில் பெரும்பகுதி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, இடையிடையே உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மாலைவரை ஓட்டுங்கள். அடங்கினால் ராத்திரி ரசம் சோறு, விடிகாலையில் ரொட்டியும் ஜாமும், ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு பத்துப் பதினைந்து விநாடி நிதானம். காய்ச்சல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு இரவிலும் நிற்காவிட்டாலோ ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.